நீரிழப்பு: ஒரே கேஸில் சிறுநீரகம், ஹார்மோன், இதயம், மூளையை இணைக்கும் கருத்து வரைபடம் போடுவது எப்படி?

உடலியங்கியலில் சிறுநீரகம் ஒரு பாடம், ஹார்மோன்கள் இன்னொரு பாடம், இதயம் வேறு, நரம்பு மண்டலம் வேறு என்றுதான் படித்து முடிக்கிறோம். வைவாவில் கேள்வி அப்படிப் பிரிந்து வருவதில்லை. “வெயிலில் வேலை செய்தவருக்குச் சிறுநீர் குறைந்திருக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, ரத்தத்தில் சோடியம் ஏறியிருக்கிறது. ஏன்?” என்று கேட்பார்கள். பதில் நான்கு பாடங்களிலும் சிதறிக் கிடக்கும். அதை ஒரே தாளில் கொண்டுவரத்தான் இந்த வழிகாட்டி. முதலாமாண்டு மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி படிப்பவர்களை நினைத்து எழுதுகிறேன். பிளஸ் டூ உயிரியல் படித்தவர்களும் பின்தொடரலாம்.

கருத்து வரைபடம் என்பது பெட்டிகளை அம்புகளால் இணைப்பது மட்டும் இல்லை. 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவும் இந்த முறையை உருவாக்கியபோது, ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு இணைப்புச் சொல் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். பெட்டி, அம்பு, பெட்டி மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். “ஏடிஎச் → சிறுநீரகம்” என்று எழுதினால் அது ஒன்றும் சொல்லவில்லை. “ஏடிஎச் — சேகரிப்பு நாளத்தில் நீர்வழிகளைத் திறக்கிறது → நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது” என்றால் அது வாக்கியம். அது சரியா தவறா என்று சோதிக்கவும் முடியும்.

ஒரு ஏ3 தாளைக் கிடைமட்டமாக வையுங்கள். ஏ3 இல்லையென்றால் இரண்டு ஏ4 தாள்களை ஒட்டிக்கொள்ளலாம். பென்சில், ரப்பர், நீலப் பேனா, சிவப்புப் பேனா போதும். முதலில் எல்லாமே பென்சிலில்தான்.

கேஸை எழுதுங்கள்

தாளின் மேல் ஓரத்தில் நோயாளியை எழுதுங்கள். நான் பயன்படுத்தும் கேஸ் பாடத்துக்காக உருவாக்கியது. ஆனால் மே மாதத்தில் திருச்சியிலோ வேலூரிலோ எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம்.

வயது 26, சென்டரிங் வேலை. வழக்கமான எடை 60 கிலோ. காலையிலிருந்து மொட்டைத் தளத்தில் வேலை. இடையில் ஒரு டீயைத் தவிர எதுவும் குடிக்கவில்லை. மாலையில் எடை 57 கிலோ. நாக்கு வறண்டிருக்கிறது, தாகம் அதிகம். மதியத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை, கொஞ்சமாக, அடர் மஞ்சளாகச் சிறுநீர் போயிருக்கிறது. படுத்திருக்கும்போது நாடி 112, ரத்த அழுத்தம் 110/80. எழுந்து நின்றதும் 86/66, தலை சுற்றுகிறது. ரத்தத்தில் சோடியம் 148, யூரியா 58, கிரியேட்டினின் 1.3. சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி 900, சிறுநீர்ச் சோடியம் 12.

அதற்குக் கீழே மையக் கேள்வியை எழுதுங்கள்: “மூன்று லிட்டர் வியர்வை போனதை உடல் எப்படி அறிந்தது, என்ன செய்தது?” வரைபடத்தில் வரும் ஒவ்வொரு அம்பும் இந்தக் கேள்விக்கு உதவ வேண்டும். உதவாத அம்பு, உண்மையாகவே இருந்தாலும், இந்தத் தாளில் வேண்டாம். ஏடிஎச் பற்றித் தெரிந்ததையெல்லாம் கொட்டும் இடம் இது அல்ல.

நடுவில் உறுப்புகளை வைக்காதீர்கள்

புதிதாகப் போடுபவர்கள் எடுத்த எடுப்பில் சிறுநீரகம், இதயம், மூளை, ஹார்மோன் என்று நான்கு பெரிய பெட்டிகளை வரைந்துவிடுவார்கள். அப்புறம் எல்லாவற்றிலிருந்தும் எல்லாவற்றுக்கும் அம்புகள் போகும், தாள் சிலந்தி வலையாகிவிடும். உறுப்புகள் பெட்டிகளாக வேண்டாம், இடங்களாக இருக்கட்டும். தாளின் மேல் பகுதி மூளை, இடது பக்கம் இதயமும் ரத்தக் குழாய்களும், கீழ்ப் பகுதி சிறுநீரகம் என்று பென்சிலால் லேசாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹார்மோன்களுக்கு இடம் வேண்டாம், அவை இந்த இடங்களுக்கு இடையில் பயணம் செய்பவை. பெட்டிக்குள் எழுத வேண்டியது மாறுகிற அளவுகளை மட்டும்: “ரத்தக் கனஅளவு குறைந்தது”, “ரெனின் ஏறியது” என்பது போல.

நடுவில் இரண்டே இரண்டு பெட்டிகள். ஒன்று, அடர்த்தி ஏறியது. இன்னொன்று, கனஅளவு குறைந்தது. முதலாவதை நீலத்திலும் இரண்டாவதைச் சிவப்பிலும் எழுதுங்கள். அடர்த்தி என்று இங்கே சொல்வது ஆஸ்மோலாலிட்டியை, அதாவது ஒரு கிலோ நீரில் எத்தனை கரைபொருள் துகள்கள் இருக்கின்றன என்பதை. கனஅளவு என்பது செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தின் அளவு, குறிப்பாக ரத்தக் குழாய்களுக்குள் ஓடும் பங்கு.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதுதான் இந்தக் கேஸின் உயிர். நீரிழப்பு என்றால் “தண்ணீர் குறைந்தது” என்று ஒரே பெட்டியாக வைத்துவிட்டால் பாதி அம்புகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்றே தெரியாது. அதனால் இந்த இடத்தில் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

60 கிலோ ஆணின் உடலில் நீர் சுமார் 36 லிட்டர். செல்லுக்குள் 24, வெளியே 12. தொடக்கத்தில் ஆஸ்மோலாலிட்டி 285 என்று வைத்துக்கொண்டால் மொத்தக் கரைபொருள் 36 × 285, அதாவது 10,260 மில்லி ஆஸ்மோல். வியர்வையில் உப்பு உண்டு, ஆனால் ரத்தத்தை விடக் குறைவு. ஆளுக்கு ஆள் மாறினாலும் லிட்டருக்கு 50 மில்லிமோல் சோடியம் என்று கொள்ளலாம். மூன்று லிட்டரில் 150 மில்லிமோல் சோடியம் போகிறது, கூடவே போகும் குளோரைடையும் சேர்த்தால் 300 மில்லி ஆஸ்மோல். மீதி 9,960. அதை மீதமிருக்கும் 33 லிட்டரால் வகுத்தால் 302 வருகிறது.

ஆக அடர்த்தி 285-லிருந்து 302-க்கு ஏறிவிட்டது. இப்போது இழப்பு எங்கே விழுந்தது என்று பாருங்கள். செல்லுக்குள் இருக்கும் கரைபொருள் (24 × 285 = 6,840) அப்படியே இருக்கிறது. அதை 302-ஆல் வகுத்தால் சுமார் 22.7 லிட்டர். வெளியே மிஞ்சுவது சுமார் 10.3 லிட்டர். செல்கள் 1.3 லிட்டரை விட்டுக்கொடுத்திருக்கின்றன, வெளித் திரவம் 1.7 லிட்டர் குறைந்திருக்கிறது. வெளியே நீர் குறைந்து அடர்த்தி ஏறியதும் செல்லுக்குள்ளிருந்து நீர் சவ்வு வழியாக வெளியே வந்து இழப்பைப் பங்கிட்டுக்கொண்டது. வெளித் திரவத்தில் கால் பங்குதான் பிளாஸ்மா. அது 3 லிட்டரிலிருந்து 2.6 லிட்டர் அளவுக்கு வந்திருக்கும்.

சோடியத்தையும் சரிபார்க்கலாம். வெளித் திரவத்தில் முதலில் 12 × 140 = 1,680 மில்லிமோல் இருந்தது. 150 போனால் 1,530. அதை 10.3 லிட்டரால் வகுத்தால் 148. கேஸில் எழுதிய எண்ணும் அதுதான். சோடியத்தின் *செறிவு* ஏறியிருக்கிறது, சோடியத்தின் *மொத்த அளவு* குறைந்திருக்கிறது. இந்த வரியை நடுவிலிருக்கும் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே எழுதிக் கட்டம் கட்டுங்கள். பின்னால் ஒரு முக்கியமான குழப்பத்தைத் தீர்க்கப்போவது இதுதான்.

நீல வழி: அடர்த்தியிலிருந்து மூளைக்கு

நீலப் பெட்டியிலிருந்து ஒரு அம்பை மேலே, மூளைப் பகுதிக்கு இழுங்கள். ஹைபோதலாமஸின் முன்பக்கத்தில், ரத்த–மூளைத் தடுப்பு இல்லாத சிறு பகுதிகளில் ஆஸ்மோ உணரிகள் இருக்கின்றன. சுற்றியுள்ள திரவம் அடர்ந்தால் இந்த செல்கள் சுருங்கும், சுருங்கினால் சமிக்ஞை அனுப்பும். அடர்த்தியில் ஒரு சதவீத மாற்றமே இவற்றுக்குப் போதும். நம் நோயாளியிடம் மாறியிருப்பது ஆறு சதவீதம்.

அங்கிருந்து இரண்டு அம்புகள். ஒன்று தாகத்துக்கு. இன்னொன்று ஹைபோதலாமஸின் சுப்ராஆப்டிக், பாராவென்ட்ரிக்குலர் நரம்பணுத் தொகுதிகளுக்கு. ஏடிஎச் அங்கேதான் தயாராகிறது. பின் பிட்யூட்டரியில் சேமிக்கப்பட்டு ரத்தத்தில் விடப்படுகிறது. “பிட்யூட்டரி ஏடிஎச்சைச் சுரக்கிறது” என்று ஒரே அம்பாகப் போட்டால் தயாரிக்கும் இடம் விட்டுப்போகும். வைவாவில் அதைத்தான் கேட்பார்கள்.

ஏடிஎச் கீழே சிறுநீரகத்துக்கு இறங்குகிறது. சேகரிப்பு நாளத்தின் செல்களில் வி2 ஏற்பிகளைத் தொடுகிறது. செல்லுக்குள் காத்திருக்கும் அக்வாபோரின்-2 என்ற நீர்வழிப் புரதங்கள் நாளத்தின் உட்பக்கச் சவ்வுக்கு நகர்கின்றன. நாளத்தைச் சுற்றியுள்ள மெடுல்லா திசு உப்பும் யூரியாவும் நிறைந்து அடர்ந்திருப்பதால் நீர் அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. சிறுநீர் அடர்ந்து குறைகிறது. இந்த அம்பின் பக்கத்தில் “சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி 900” என்று நோயாளியின் எண்ணை எழுதுங்கள். ஆய்வக எண்ணை ஒரு ஓரத்தில் பட்டியலாக வைப்பதை விட, அது பிறந்த அம்பின் மேலேயே எழுதுவதுதான் நினைவில் நிற்கும்.

சிவப்பு வழி: கனஅளவிலிருந்து இதயத்துக்கு

சிவப்புப் பெட்டியிலிருந்து இடது பக்கம் போங்கள். ரத்தம் குறைந்ததால் இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. வெண்ட்ரிக்கிள் குறைவாக நிரம்புகிறது, குறைவாக விரிகிறது. அதனால் ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தமும் குறைகிறது.

கரோட்டிட் சைனஸிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் குறைவாக இழுபடுகின்றன. அவற்றின் நரம்புகள் வழியாக முகுளத்துக்குப் போகும் சமிக்ஞை குறைகிறது. இங்கேதான் பலர் குறியை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். உணரி *குறைவாக*ச் சமிக்ஞை அனுப்புவதுதான் செய்தி. அந்தக் குறைவு சிம்பதெடிக் நரம்புகளின் மேல் இருந்த தடையை நீக்குகிறது, வேகஸ் நரம்பின் பிடியையும் தளர்த்துகிறது. அதனால் அம்புகளின் மேல் கூட்டல், கழித்தல் குறிகளைத் தவறாமல் போடுங்கள். விளைவு மூன்று இடங்களில்: இதயம் வேகமாகத் துடிக்கிறது (நாடி 112), நுண்தமனிகளும் சிரைகளும் சுருங்குகின்றன (படுத்திருக்கும்போது 110/80, மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி வெறும் 30), சிறுநீரகத்தில் ரெனின் சுரப்பு தூண்டப்படுகிறது.

110/80 என்ற எண்ணைப் பார்த்து “பிபி நார்மல்” என்று நகர்ந்துவிடக் கூடாது. அது ஈடுசெய்யப்பட்ட அழுத்தம். எழுந்து நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்குகிறது, மிச்சமிருந்த ஈடும் போதாமல் போகிறது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம். இவருக்கு மேலது 24 குறைந்திருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் குறைவதால் தலை சுற்றுகிறது. இந்த அம்பு இதயப் பகுதியிலிருந்து மூளைப் பகுதிக்கு மேலே ஏறுகிறது. மூளை இந்த வரைபடத்தில் கட்டுப்படுத்தும் உறுப்பு மட்டும் இல்லை, பாதிக்கப்படும் உறுப்பும் கூட. நீலப் பெட்டியிலிருந்தும் அதற்கு ஒரு பாதிப்பு அம்பு உண்டு: அடர்த்தி வேகமாக ஏறினால் மூளைச் செல்களும் நீரை இழந்து சுருங்கும். எரிச்சல், மந்தம், குழப்பம், சோடியம் மிக அதிகமானால் வலிப்பு. இவருக்கு 148-தான், அதனால் தலைசுற்றலைச் சிவப்பு அம்பில் எழுதுவதே சரி. பேச்சு குழறுகிறது, குழம்பிப் பேசுகிறார் என்றால் வெயில் தாக்கத்தை முதலில் நினைத்து உடல் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். அது வேறு வரைபடம், அவசர சிகிச்சை.

சிறுநீரகத்துக்குள்: ரெனினிலிருந்து யூரியா வரை

ரெனினுக்குள் மூன்று அம்புகள் நுழைய வேண்டும். உள்வரும் நுண்தமனி குறைவாக விரிவது ஒன்று, மாக்யுலா டென்சாவுக்கு வரும் உப்பு குறைவது இன்னொன்று, சிம்பதெடிக் நரம்பின் பீட்டா-1 தூண்டல் மூன்றாவது. மூன்றும் சிவப்புப் பெட்டியின் பிள்ளைகள். நீலப் பெட்டியிலிருந்து ரெனினுக்கு நேரான அம்பு வேண்டாம்.

ரெனின், கல்லீரலிலிருந்து வரும் ஆஞ்சியோடென்சினோஜனை வெட்டி ஆஞ்சியோடென்சின்-1 ஆக்குகிறது. பெரும்பாலும் நுரையீரலின் ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஏசிஇ நொதி அதை ஆஞ்சியோடென்சின்-2 ஆக்குகிறது. இந்தப் பெட்டியைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள், இதிலிருந்து நிறைய அம்புகள் கிளம்பும். ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அட்ரினலைத் தூண்டி ஆல்டோஸ்டீரோனை விடச் செய்கிறது. அருகு சுருள் குழலில் சோடியத்தை மீட்கிறது. குளாமருலஸிலிருந்து வெளிச்செல்லும் நுண்தமனியை இறுக்குகிறது.

கடைசி அம்பில் கொஞ்சம் நில்லுங்கள். வெளிவாசலை இறுக்கினால் குளாமருலஸுக்குள் அழுத்தம் தாங்கி நிற்கும், ரத்த ஓட்டம் குறைந்தாலும் வடிகட்டுதல் ஓரளவு காப்பாற்றப்படும். ஆனால் அந்த நுண்தமனியைத் தாண்டிக் குழல்களைச் சுற்றி ஓடும் ரத்தத்தில் நீர் குறைந்து புரதம் அடர்ந்திருக்கும், அழுத்தமும் குறைந்திருக்கும். அதனால் அருகு சுருள் குழலிலிருந்து நீரும் சோடியமும் கூடுதலாகத் திரும்பும். யூரியாவும் கூடவே திரும்பும். சேகரிப்பு நாளத்தின் உள்பகுதியில் ஏடிஎச்சும் யூரியா மீள்வதைக் கூட்டுகிறது. கிரியேட்டினின் இப்படித் திரும்புவதில்லை. இந்தக் கேஸில் யூரியா அதிகமாகவும் கிரியேட்டினின் லேசாகவும் ஏறியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

யூரியாவுக்கும் கிரியேட்டினினுக்கும் விகிதம் போடும்போது ஒரு கவனம் தேவை. பல புத்தகங்களில் “20-க்கு மேல்” என்று இருப்பது யூரியா நைட்ரஜனுக்கான விகிதம். நம் ஊர் ஆய்வகங்கள் பெரும்பாலும் யூரியாவையே தருகின்றன. யூரியாவை 2.14-ஆல் வகுத்தால்தான் யூரியா நைட்ரஜன் கிடைக்கும். 58-ஐ வகுத்தால் 27, அதை 1.3-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 21. வகுக்காமல் நேராகப் போட்டால் 45 என்று வந்து பயமுறுத்தும்.

ஆல்டோஸ்டீரோன் அம்பு, தொலை நெஃப்ரானில் சோடியத்தை மீட்கிறது. அங்கே “சிறுநீர்ச் சோடியம் 12” என்று எழுதுங்கள்.

இப்போது வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்கும் கேள்வி: “ரத்தத்தில் சோடியம் ஏற்கெனவே 148. பிறகு ஏன் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கிறது?” நல்ல கேள்வி. பதில் நடுவில் கட்டம் கட்டி வைத்த வரியில் இருக்கிறது. ஆல்டோஸ்டீரோனுக்குச் சோடியத்தின் செறிவு ஒரு பொருட்டே அல்ல. அதை இயக்குவது சிவப்புப் பெட்டி. 150 மில்லிமோல் சோடியம் உடலை விட்டுப் போயிருக்கிறது, கனஅளவைத் தாங்குவது மொத்தச் சோடியம்தான். செறிவைச் சரிசெய்வது நீரின் வேலை, அதாவது ஏடிஎச், தாகம் இரண்டின் வேலை. இதை வரைபடத்தில் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

குறுக்கு அம்புகளும் நேரமும்

இதுவரை இரண்டு வழிகளும் தனித்தனியாக ஓடின. அவை சந்திக்கும் இடங்களைப் புள்ளிக் கோட்டு அம்பால் போடுங்கள். மூன்று போதும். ஏட்ரியத்திலும் தமனிகளிலும் உள்ள உணரிகளிலிருந்து ஏடிஎச்சுக்கு ஒன்று, ஆஞ்சியோடென்சின்-2-லிருந்து தாகத்துக்கு ஒன்று, ஏட்ரியம் குறைவாக விரிவதால் ஏஎன்பி குறைந்து சோடியம் வெளியேறுவது குறைகிறது என்று ஒன்று.

முதல் குறுக்கு அம்பின் மேல் ஒரு குறிப்பு வேண்டும். ஏடிஎச்சைத் தூண்ட அடர்த்தியில் ஒரு சதவீத மாற்றம் போதும், கனஅளவோ ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை குறைய வேண்டும். கனஅளவு வழி மந்தமானது. ஆனால் இழப்பு பெரிதானால் அதன் குரல்தான் ஓங்கும், அடர்த்தி குறைவாக இருந்தாலும் ஏடிஎச் நிற்காது.

அப்புறம் ஒவ்வொரு அம்பிலும் நேரத்தைச் சிறிய எழுத்தில் எழுதுங்கள். அழுத்த உணரி வழி, நொடிகள். ஏடிஎச்சும் ஆஞ்சியோடென்சினும், நிமிடங்கள். ஆல்டோஸ்டீரோன், மணிக்கணக்கு, ஏனென்றால் அது செல்லின் உட்கருவுக்குப் போய்ப் புதிய புரதங்களை உருவாக்க வைக்க வேண்டும்.

கடைசியாக, விளைவுகளிலிருந்து நடுப்பெட்டிகளுக்குத் திரும்பும் அம்புகளைப் போட்டு வளையத்தை மூடுங்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிறுநீரகத்திலிருந்து திரும்பும் அம்புகளில் “மேலும் குறையாமல் தடுக்கிறது” என்றுதான் எழுத வேண்டும், “நிரப்புகிறது” என்று எழுதக் கூடாது. போன மூன்று லிட்டரைச் சிறுநீரகத்தால் கொண்டுவர முடியாது. ஏடிஎச் உச்சத்தில் இருந்தாலும், தினசரிக் கழிவை வெளியேற்ற நாளைக்கு அரை லிட்டர் சிறுநீராவது போயே தீரும். உள்ளே புதிதாக நீரைக் கொண்டுவரும் ஒரே அம்பு தாகம்.

அழித்துப் பார்த்துச் சோதியுங்கள்

வரைபடம் முடிந்ததும் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். ஒரு அம்பை அழித்துவிட்டு, நோயாளியின் எண்கள் எப்படி மாறும் என்று எழுதிப் பார்ப்பதுதான் உண்மையான மறுபார்வை. மூன்று சோதனைகள் தருகிறேன்.

முதலாவது: இதே ஆள், வயது 55, ரத்த அழுத்தத்துக்கு, ஏசிஇயைத் தடுக்கும் எனலாப்ரில் எடுக்கிறார். ஏசிஇ அம்பை அழியுங்கள். வெளிச்செல்லும் நுண்தமனி இறுகாது, குளாமருலஸ் அழுத்தம் சரியும், கிரியேட்டினின் நன்றாகவே ஏறும். ஆல்டோஸ்டீரோனும் குறைவதால் பொட்டாசியம் ஏறும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் போட்டிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் உள்வரும் நுண்தமனியை விரித்துக் காப்பாற்றும் புரோஸ்டாகிளாண்டினும் போய்விடுகிறது. வாசலின் இரண்டு பக்கமும் பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது: அதே மூன்று லிட்டர், ஆனால் வியர்வையில் இல்லை, வாந்திபேதியில். காலரா போன்ற பேதியில் போகும் நீர் கிட்டத்தட்ட ரத்தத்தின் அடர்த்தியிலேயே இருக்கும். நீலப் பெட்டியை அழித்துவிடுங்கள். அடர்த்தி மாறாததால் செல்களிலிருந்து நீர் உதவிக்கு வராது, மூன்று லிட்டரும் வெளித் திரவத்திலிருந்தே போகும். 12 லிட்டர் 9 ஆகிவிடும். முன்பு 14 சதவீதம், இப்போது 25. எடை இழப்பு ஒன்றுதான், ஆனால் இவருக்கு நாடி இன்னும் மெல்லியதாகவும், கை கால் சில்லிட்டும் இருக்கும். சோடியம் 140-லேயே நிற்கும். சோடியம் நார்மல் என்பதால் நீரிழப்பு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஏடிஎச் இங்கேயும் ஏறியிருக்கும், குறுக்கு அம்பு வழியாக மட்டும்.

மூன்றாவதுதான் மிகவும் பயனுள்ளது. நம் சென்டரிங் தொழிலாளி மூன்று லிட்டர் வெறும் தண்ணீர் குடித்துவிட்டார், அதெல்லாம் உடலில் தங்கிவிட்டது என்று வையுங்கள். நீர் மறுபடி 36 லிட்டர். கரைபொருள் 9,960-தான். வகுத்தால் 277. வெளித் திரவம் 11.3 லிட்டர், இன்னும் 0.7 குறைவு. செல்களோ பழைய அளவை விடச் சற்றே உப்பியிருக்கின்றன. சோடியம் 136. நீலப் பெட்டி தலைகீழாகிவிட்டது, சிவப்புப் பெட்டி இன்னும் மூடவில்லை. அடர்த்தி குறைந்ததால் தாகம் அடங்கிவிடும், ஏடிஎச் குறைந்து கூடுதல் நீர் சிறுநீராகப் போய்விடும், கனஅளவு மட்டும் குறைவாகவே நிற்கும். சொல்லப்போனால் உண்மையில் அவர் மூன்று லிட்டர் வரை போகவே மாட்டார். குடித்த நீர் குடலிலிருந்து ரத்தத்தில் முழுதாகச் சேர்வதற்கு முன்பே, வாயும் தொண்டையும் அனுப்பும் சமிக்ஞையால் தாகமும் ஏடிஎச்சும் தணியத் தொடங்கிவிடும். இதுவே பல நாள் நடந்தால், உப்பு வியர்வையில் போய்க்கொண்டே இருந்து, உணவிலும் சேராமல், வெறும் தண்ணீர் மட்டும் உள்ளே வந்தால், கனஅளவுக் குறைவின் குரல் ஓங்கிவிடும். ஏடிஎச் நிற்காது, சோடியம் 130-க்குக் கீழே சரியும். அப்போது மூளைச் செல்கள் சுருங்குவதற்குப் பதில் வீங்கும், தலைவலியும் குமட்டலும் வரும்.

அந்த 150 மில்லிமோல் சோடியத்தை ஈடுகட்ட என்ன கொடுக்கலாம் என்பதையும் தாளின் ஓரத்தில் கணக்காகப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் 75 மில்லிமோல் குளுக்கோஸும் உண்டு, மொத்த அடர்த்தி 245. குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே கடத்தியில் சேர்ந்து உள்ளே வருகின்றன, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. இரண்டு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் சரியாக 150 மில்லிமோல் சோடியம். மூன்றாவது லிட்டர் வெறும் தண்ணீராக இருக்கலாம். வாந்தி இல்லாமல், தெளிவாகப் பேசுகிற இந்த நோயாளிக்கு, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தால் இரண்டு பெட்டிகளும் சேர்ந்து பழைய நிலைக்கு வரும். சிறுநீர் வெளிர்ந்து அளவு கூடினால் ஏடிஎச் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எழுந்து நின்று அழுத்தம் பார்க்கும்போது சரியவில்லை என்றால் சிவப்புப் பெட்டி மூடிவிட்டது. முதல் அறிகுறி மட்டும் வந்து இரண்டாவது வரவில்லை என்றால், அவர் குடித்தது பெரும்பாலும் வெறும் தண்ணீராக இருக்கும்.